வீடியோ காலில் சுருதி சேர

சென்னையில் இருக்கும் பாட்டு டீச்சர் கணினியில் தம்புராவை ஓட விடுகிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் மாணவிக்கு அது முதல் சில விநாடிகள் நன்றாகவே கேட்கிறது. பிறகு மெல்லத் தேய்ந்து காணாமல் போகிறது. டீச்சர் பாடத் தொடங்கினால் குரலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தலைகாட்டுகிறது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மறுபடி மறைகிறது. “சுருதி கேக்கலை டீச்சர்” என்கிறாள் மாணவி. டீச்சர் சத்தத்தைக் கூட்டுகிறார். பக்கத்து அறையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்குக் கூட்டியும், அந்தப் பக்கம் அதே கதைதான்.

இணையத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர்கள் பலருக்கும் இது பழகிய தொல்லை. நெட் சரியில்லை என்றுதான் முதலில் நினைப்பார்கள். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸூம், மீட், டீம்ஸ் எல்லாமே அலுவலகக் கூட்டங்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே வேண்டியது பேச்சு மட்டும். பேச்சு விட்டுவிட்டு வரும், ஏறி இறங்கும். மின்விசிறியும் ஏசியும் அப்படியில்லை, ஒரே சீராக இரையும். அதனால் சில விநாடிகள் கேட்டபிறகும் மாறாமல் நிற்கிற எந்த ஓசையையும் பின்னணி இரைச்சல் என்று கணித்து, அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புகின்றன. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியும் மாறி மாறி மீட்டப்பட்டு, இடைவெளியே தெரியாமல் ஒன்றாய்க் கலந்து நிற்பதுதான் தம்புராவின் அழகு. அந்த மென்பொருளின் கணக்கில் அது பழுதில்லாமல் ஓடும் ஒரு மின்விசிறி.

ஆகவே இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. தம்புராவின் ஓசை ஸ்பீக்கரில் வெளிவந்து, அறையின் காற்றில் அலைந்து, மைக்கில் நுழைவதைத் தவிர்த்து, கணினிக்குள்ளேயே அதை ஸூமுக்குக் கொண்டுபோவது ஒன்று. போன ஓசையை ஸூம் கழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலையைச் செய்வதுதான் விர்ச்சுவல் ஆடியோ கேபிள். இரண்டாவது வேலையை அது செய்யாது. கேபிள் போட்டும் சுருதி போகவில்லை என்று சொல்பவர்களில் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இந்தக் கேபிள் தேவைப்படாது. ஸூமில் Share Screen அழுத்தும்போது Share sound என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்தால் கணினியில் ஒலிப்பது தனி வழியாகப் போகும். மைக்குக்கான இரைச்சல் நீக்கம் அதன்மேல் கை வைக்காது. ஒரு கீர்த்தனையின் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு நிறுத்துவதாக இருந்தால் அதுவே போதும். கூகுள் மீட்டில் குரோம் டேபைப் பகிரும்போது அந்த டேபின் ஓசையையும் சேர்த்துப் பகிரலாம். ஆனால் வகுப்பு முழுக்கச் சுருதி ஓட வேண்டும், திரையில் மாணவிக்கு டீச்சரின் முகமும் கையும் பெரிதாகத் தெரிய வேண்டும், நடுவில் வாட்ஸாப் ‘டிங்’ என்று அடிப்பது சேர்ந்து போகக் கூடாது, சுருதியின் அளவைக் குரலின் அளவோடு பொருத்திக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றால் பகிர்தல் கைகொடுக்காது. ஓசையைப் பகிரும் வசதியே இல்லாத செயலியில் வகுப்பு நடந்தாலும் கேபிள்தான் வழி.

இந்தக் கேபிள் கையில் பிடிக்கும் ஒயர் இல்லை. கணினியில் நிறுவப்படும் ஒரு டிரைவர். நிறுவியதும் விண்டோஸ் தன்னிடம் புதிதாக ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வந்திருப்பதாக நம்பிவிடும். அந்தப் பொய் ஸ்பீக்கரில் எந்த மென்பொருள் ஓசையை ஊற்றினாலும், அது அப்படியே பொய் மைக்கின் வழியாக வெளியே வரும். ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் கொட்டும் குழாய் மாதிரி. ஸூமுக்கு அது நிஜ மைக்கா, பொய் மைக்கா என்று பார்க்கத் தெரியாது. பட்டியலில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் இது புதிய சரக்கும் இல்லை. யூஜீன் முஸிசென்கோ என்பவர் Virtual Audio Cable என்ற பெயரிலேயே ஒரு மென்பொருளை 1990களின் கடைசியிலிருந்து தந்துவருகிறார். இன்று பெரும்பாலோர் போட்டுக்கொள்வது பிரான்ஸைச் சேர்ந்த வின்சென்ட் ப்யூரெல் எழுதிய VB-CABLE. காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். பிடித்தால் நன்கொடை தரலாம். vb-audio.com தளத்திலிருந்து ஜிப் கோப்பை இறக்கி, முதலில் அதை முழுவதுமாக வெளியே பிரித்துக்கொள்ள வேண்டும். ஜிப்புக்குள் இருந்தபடியே இயக்கினால் நிறுவல் தகராறு செய்யும். பிறகு VBCABLE_Setup_x64.exe மேல் வலது கிளிக் செய்து Run as administrator கொடுத்து நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

இப்போது ஸ்பீக்கர்கள் பட்டியலில் CABLE Input என்றும், மைக்குகள் பட்டியலில் CABLE Output என்றும் இரண்டு பெயர்கள் வந்திருக்கும். இந்தப் பெயர்கள் எல்லோரையும் ஒருமுறையாவது குழப்பும். ஸ்பீக்கர் பட்டியலில் Input எப்படி வரும்? பெயர் கேபிளின் பக்கம் நின்று வைக்கப்பட்டது. கேபிளுக்குள் ஓசை நுழையும் வாய் CABLE Input. நம் பாட்டு வெளியேறிப் போய்ச் சேரும் இடம் அது, ஆகவே அது ஸ்பீக்கர் பட்டியலில். கேபிளை விட்டு ஓசை வெளிவரும் வாய் CABLE Output. ஸூம் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது, ஆகவே அது மைக் பட்டியலில்.

அடுத்த வேலை, தம்புராவை மட்டும் அந்த வாய்க்குத் திருப்புவது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒவ்வொரு மென்பொருளின் ஓசையையும் தனித்தனி இடத்துக்கு அனுப்பலாம். விண்டோஸ் 11இல் Settings, System, Sound, Volume mixer என்று போனால் அப்போது ஒலித்துக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியல் தெரியும். தம்புரா குரோமில் ஓடுகிறது என்றால் குரோமுக்கு நேரே Output device என்ற இடத்தில் CABLE Input தேர்ந்தெடுக்க வேண்டும். தம்புரா அப்போது ஓடிக்கொண்டிருந்தால்தான் குரோம் அந்தப் பட்டியலில் நிச்சயமாக இருக்கும். வி.எல்.சி.யில் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சுற்றும் வேண்டாம். அதன் Audio மெனுவில் Audio Device என்ற இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

திருப்பியதும் அறை சட்டென்று நிசப்தமாகிவிடும். பயப்பட வேண்டாம், தம்புரா குழாய்க்குள் போய்விட்டது. ஸூமின் Audio செட்டிங்கில் மைக்காக CABLE Output தேர்ந்தெடுத்தால் மாணவிக்குச் சுருதி போகும். ஆனால் டீச்சரின் குரல் போகாது. ஸூம் ஒரு நேரத்தில் ஒரு மைக்கிலிருந்துதான் எடுக்கும், அந்த இடத்தில் இப்போது கேபிள் உட்கார்ந்திருக்கிறது.

சரி, குரலையும் அதே குழாயில் ஊற்றிவிடலாமே என்று தோன்றும். அதற்கு விண்டோஸிலேயே ஒரு பழைய வழி உண்டு. விண்டோஸ் பொத்தானோடு R அழுத்தி வரும் பெட்டியில் இதை அடிக்க வேண்டும்:

```
mmsys.cpl
```

பழைய காலத்து ஒலிப் பெட்டி திறக்கும். அதில் Recording பகுதியில் நிஜ மைக்கை இரண்டு முறை கிளிக் செய்து, Listen என்ற தாளில் Listen to this device என்பதை டிக் செய்து, அதன்கீழே CABLE Input தேர்ந்தெடுத்தால் குரலும் தம்புராவும் கேபிளுக்குள் ஒன்றாகிவிடும். மாணவிக்கு இரண்டும் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பலவும் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடுகின்றன.

சங்கீத வகுப்பில் இது உதவாது. காரணம், டீச்சருக்கே சுருதி கேட்கவில்லை. தம்புரா கேபிளுக்குள் போய்விட்டதே. அதைக் கேட்க வேண்டுமானால் CABLE Output மேலும் அதே Listen வித்தையைச் செய்து ஹெட்போனுக்குத் திருப்ப வேண்டும். திருப்பினால் சுருதி கேட்கும். ஆனால் அதே குழாயில் அவருடைய குரலும் இருப்பதால், தான் பாடுவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகத் தன் காதிலேயே திரும்ப விழும். இதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். நாக்கு குழறும், காலப்பிரமாணம் இழுபடும். எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இந்த ஏற்பாட்டில் ‘ஸ ரி க ம’ என்று சரளி வரிசை இரண்டு ஆவர்த்தனம் பாடிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். “தம்பி, இதுக்கு என் பழைய சுருதிப் பெட்டியே தேவலை. எனக்குப் பின்னாடியே யாரோ என்னைப் பழிச்சுக் காட்டற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

பிரச்சினை என்னவென்றால் இங்கே வேண்டியது இரண்டு வெவ்வேறு கலவைகள். மாணவிக்குக் குரலும் சுருதியும் போக வேண்டும். டீச்சர் காதுக்குச் சுருதி மட்டும், கூடவே மாணவியின் குரல். ஒரே குழாயில் எல்லாவற்றையும் ஊற்றினால் பிரிக்க வழியில்லை. கச்சேரி மேடையில் மைக்செட்காரர் இந்த வேலையைத்தான் தன் மிக்ஸரில் செய்வார்: சபைக்கு ஒரு கலவை, பாடகரின் எதிரே தரையில் இருக்கும் மானிட்டருக்கு இன்னொன்று. கணினிக்குள்ளும் ஒரு மிக்ஸர் வேண்டும். VB-CABLE செய்த அதே ப்யூரெலின் வாய்ஸ்மீட்டர் அதற்கென்றே இருக்கிறது. அதையும் காசில்லாமல் இறக்கலாம். அதை நிறுவும்போது அதற்குள்ளேயே ஒரு கேபிளும் வந்துவிடும், VB-CABLE தனியாக வேண்டியதில்லை. பனானா, பொட்டேட்டோ என்று அதற்குப் பெரிய அண்ணன்களும் உண்டு. ஒரு குரல், ஒரு தம்புரா என்பதற்குச் சாதாரண வாய்ஸ்மீட்டரே அதிகம்.

அந்த டீச்சரின் கணினியில் கடைசியில் நிலைத்த ஏற்பாட்டை அப்படியே சொல்கிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினி, யு.எஸ்.பி. மைக் ஒன்று, ஒயர் உள்ள ஹெட்போன். வாய்ஸ்மீட்டரை நிறுவிக் கணினியை அணைத்துப் போட்டபின் அதைத் திறந்தால் இடதுபக்கம் மூன்று நெடும் பட்டைகள் தெரியும். முதல் இரண்டும் நிஜ மைக்குகளுக்கு, மூன்றாவது கணினிக்குள்ளிருந்து வரும் ஓசைக்கு. வலது மேல் மூலையில் A1 என்ற பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் WDM என்று தொடங்கும் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுத்தோம். முதல் பட்டையின் தலைப்பில் கிளிக் செய்து யு.எஸ்.பி. மைக்கைக் கொடுத்தோம். குரோமின் ஓசையை முன்போலவே Volume mixer வழியாகத் திருப்பினோம், ஆனால் இந்த முறை CABLE Input இடத்தில் Voicemeeter Input.

இனி இருப்பது இரண்டே எழுத்துகளின் விளையாட்டு. ஒவ்வொரு பட்டையின் பக்கத்திலும் A, B என்று பொத்தான்கள் இருக்கின்றன. A எரிந்தால் அந்த ஓசை டீச்சரின் ஹெட்போனுக்குப் போகும், B எரிந்தால் மாணவிக்குப் போகும். மைக் பட்டையில் A அணைத்து B மட்டும் எரியவிட்டோம். தம்புராப் பட்டையில் இரண்டையும் எரியவிட்டோம். அவ்வளவுதான், குரல் மாணவிக்கு மட்டும் போகிறது, சுருதி இருவருக்கும் கேட்கிறது, டீச்சரின் காதில் அவர் குரல் தாமதமாகத் திரும்பி வருவதில்லை.

ஸூமில் மைக்காக Voicemeeter Out B1 கொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இதன் பெயர் VoiceMeeter Output என்றிருக்கும். ஸ்பீக்கராக நேரடியாக ஹெட்போனையே கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது தேர்வில் சறுக்குகிறவர்கள் ஏராளம். ஸ்பீக்கர் இடத்திலும் Voicemeeter Input என்று கொடுத்துவிட்டால் மாணவியின் குரல் தம்புராப் பட்டைக்குள் நுழையும். அங்கே B எரிந்துகொண்டிருப்பதால் திரும்ப அவளுக்கே போகும். “டீச்சர், நான் பேசறது எனக்கே திரும்ப கேக்குது” என்று மாணவி சொன்னால் வேறெங்கும் தேட வேண்டாம், ஸூமின் ஸ்பீக்கர் தேர்வைப் பாருங்கள்.

அளவைப் பொருத்துவது காதின் வேலை. மைக் பட்டையில் சத்தமாகப் பாடினாலும் விளக்கு உச்சத்தைத் தொடாமல் இருக்கட்டும். பிறகு தம்புராவின் தள்ளியைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, குரலுக்குப் பின்னால் இருக்கிறது என்று உணரும் இடத்தில் நிறுத்தலாம். பொதுவாக நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கிறது. நேரில் தம்புரா ஒரு திசையிலிருந்தும் குரல் வேறு திசையிலிருந்தும் வருவதால் காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும். காலில் இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன, கொஞ்சம் கூடினாலும் சாகித்தியத்தின் எழுத்துகள் சுருதிக்குள் அமுங்கிவிடும்.

இப்போது இரண்டாவது வேலை. இவ்வளவு அழகாகக் கலந்து அனுப்பினாலும் ஸூமுக்கு இது மைக்கிலிருந்து வரும் ஓசைதான். மைக் ஓசை என்றால் இரைச்சல் நீக்கம் உண்டு. தம்புரா மறுபடி சில விநாடிகளில் தேயும். சில வீடுகளில் இதைவிட வினோதமாக நடக்கும்: டீச்சர் பாடும்போது மட்டும் சுருதி கூடவே வரும், நிறுத்தினால் போய்விடும். குரலைப் பேச்சென்று கண்டு கதவைத் திறக்கும்போது சுருதியும் அதோடு நுழைந்துவிடுவதால் வருகிற விளைவு அது.

ஸூமின் Audio செட்டிங்கில் Original sound for musicians என்று ஒன்று இருக்கிறது. பெயரே சொல்கிறபடி பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வைத்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் இரைச்சல் நீக்கம் விலகிக்கொள்ளும். அதன்கீழே High-fidelity music mode என்பதையும் டிக் செய்யலாம். அப்போது ஓசை அனுப்பும் அளவு கூடும், நெட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். Echo cancellation என்பதை ஹெட்போன் போட்டிருந்தால் மட்டும் அணைக்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே அணைத்தால் மாணவியின் குரல் டீச்சரின் மைக்குக்குள் புகுந்து அவளுக்கே திரும்பும். மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் Automatically adjust microphone volume என்பதையும் அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் டீச்சர் மௌனமாக இருக்கும்போது, குரல் சன்னமாகிவிட்டது என்று நினைத்து அது தம்புராவைத் தூக்கிவிடும், பாட ஆரம்பித்ததும் அமுக்கும். சுருதி மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கினால் இதுதான் காரணம்.

செட்டிங்கில் டிக் செய்ததோடு வேலை முடியவில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். வகுப்பு தொடங்கியபின் ஸூம் ஜன்னலில் Original sound பொத்தான் On என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். Off என்றிருந்தால் அழுத்த வேண்டும். டீம்ஸிலும் இசைக்கென்று இப்படி ஒரு முறை இருக்கிறது. மீட்டில் இரைச்சல் நீக்கத்தை அணைக்கும் பொத்தான் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரேபோல் கிடைப்பதில்லை, ஆகவே சங்கீத வகுப்புக்கு மீட்டை நான் சிபாரிசு செய்வதில்லை.

எல்லாம் சரியா என்று பார்க்க மாணவியைக் கேட்டுக்கொண்டே இருப்பது வீண். சின்னப் பெண்கள் டீச்சரிடம் “நல்லாதான் கேக்குது” என்றுதான் சொல்வார்கள். கைப்பேசியிலிருந்து வேறொரு கணக்கில் அதே கூட்டத்தில் நுழைந்து, அதை வேறு அறைக்கு எடுத்துப்போய், அதன் மைக்கை அணைத்து, காதில் மாட்டிக் கேட்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம் தம்புராவை மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் தேய்கிறதா, நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு சாதனங்களையும் ஒரே அறையில் வைத்துச் சோதித்தால் ‘கீ’ என்று ஊளையிடும், அதிலிருந்து எதுவும் தெரியாது.

ஓசை எங்கோ நின்றுவிட்டது, எங்கே என்று தெரியவில்லை என்றால் மறுபடியும் அந்த mmsys.cpl பெட்டிதான் உதவும். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை உண்டு. ஓசை போகிற இடத்தில் அது ஏறி இறங்கும். தம்புரா ஓடும்போது Playback பகுதியில் Voicemeeter Input பக்கத்தில் பட்டை ஆடவில்லையா, குரோம் அங்கே அனுப்பவே இல்லை. அங்கே ஆடுகிறது, Recording பகுதியில் Voicemeeter Out B1 ஆடவில்லையா, தம்புராப் பட்டையில் B அணைந்திருக்கிறது, அல்லது வாய்ஸ்மீட்டரே மூடியிருக்கிறது. இரண்டும் ஆடுகின்றன, மாணவிக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் தவறு ஸூமுக்குள். பட்டை ஆடுகிற இடத்துக்கும் ஆடாத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கும்.

இன்னும் மூன்று தொல்லைகள் அடிக்கடி வரும். வகுப்பு முடிந்து மறுநாள் யூடியூபில் எதைப் போட்டாலும் கணினி ஊமையாக இருக்கிறது என்பார்கள். கணினி கெடவில்லை. புதிதாக நிறுவிய பொய் ஸ்பீக்கரை விண்டோஸ் தானாகவே முதன்மை ஸ்பீக்கராக ஆக்கிக்கொண்டிருக்கும், அதை நிஜ ஸ்பீக்கருக்கு மாற்றினால் போதும். ஓசையில் பொரி வறுப்பதுபோலப் படபடப்பு வந்தால், மைக், ஹெட்போன், வாய்ஸ்மீட்டர் எல்லாவற்றின் சாம்பிள் ரேட்டும் 48000 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்து, வாய்ஸ்மீட்டரின் மெனுவில் Restart Audio Engine கொடுக்க வேண்டும். மூன்றாவது, ப்ளூடூத் ஹெட்போன். அதன் மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்கள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், தம்புரா தகர டப்பாவாகிவிடும். இந்த வேலைக்கு ஒயர் உள்ளதுதான் சரி.

இத்தனை செய்தாலும் கேபிளால் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது, அது தூரம். சென்னைக்கும் நியூ ஜெர்சிக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு விநாடியில் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அந்தக் கணக்கில் ஒரு வழிக்கு மட்டும் குறைந்தது 65 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் இருக்கும் கருவிகளும், ஓசை விட்டுப்போகாமல் இருக்க ஸூம் சேர்த்துவைக்கும் இருப்பும் சேர்ந்தால், போய் வருவதற்கு ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு தாராளமாக ஆகும். ஆதி தாளத்தை ஒரு விநாடிக்கு ஓர் அட்சரம் என்று போட்டால், டீச்சர் கையில் தாளம் விழுவதற்கும் அவர் காதில் மாணவியின் குரல் வந்து சேர்வதற்கும் இடையே அட்சரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது. சேர்ந்து பாடுவது நடக்காது.

சுருதிக்கு மட்டும் இந்தத் தாமதம் உறைப்பதில்லை. ஐந்து கட்டை ஷட்ஜம் மூன்றில் ஒரு விநாடி தாமதமாக வந்தாலும் ஐந்து கட்டையே. மாணவி தனக்கு வந்து சேர்ந்த சுருதியோடு சேர்ந்து பாடுகிறாள். அவள் குரல் தாமதமாகத் திரும்பி வந்து, டீச்சர் காதில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதே தம்புராவின்மேல் உட்காருகிறது. சேர்ந்தால் சேர்ந்ததுதான், விலகினால் விலகியதுதான். அதனால் சுருதியைக் கேபிளில் அனுப்பலாம், மெட்ரோனோமையோ மிருதங்கப் பதிவையோ அனுப்பிவிட்டு அதோடு மாணவி பாடுவதை இங்கிருந்து திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் அந்தப் பதிவு மாணவியின் கணினியில் ஓட வேண்டும். நடன வகுப்புக்கும் இதே சங்கடம். இங்கிருந்து பாட்டைப் போட்டால் அங்கே பெண் சரியாகத்தான் அடவு வைப்பாள். டீச்சரின் திரையில் கால் தாளத்துக்குப் பின்தங்கியே விழும். பாட்டையும் திரையையும் சேர்த்துப் பார்த்து “லேட்டா வைக்கிறே” என்று திட்டுவது அநியாயம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை BlackHole என்ற இலவச டிரைவர் செய்யும். காசு கொடுக்கத் தயார் என்றால் Loopback மிக்ஸரையும் சேர்த்தே தருகிறது. லினக்ஸ்காரர்களுக்கு இது ஒரு வரிக் கட்டளை:

```
pactl load-module module-null-sink sink_name=sruthi
```

இதனால் வரும் பொய் ஸ்பீக்கரில் விழுவதை Monitor of என்று தொடங்கும் பெயரில் மைக்காக எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் மட்டும் இப்படி நாமாகக் கேபிள் போட வழி கிடையாது, ஒரு செயலியின் ஓசையை இன்னொன்றின் மைக்குக்குத் திருப்ப அவை நம்மை விடுவதில்லை. டேப்லெட்டில் மட்டுமே வகுப்பு எடுப்பவர் மாணவியிடம் அவள் வீட்டிலேயே சுருதிச் செயலியை ஓட்டச் சொல்லிவிடுவது மேல்.

மறுமுனையையும் கவனிக்க வேண்டும். டீச்சர் பக்கம் எல்லாம் சரியாகிச் சுருதி கம்பீரமாகப் போய்ச் சேர்ந்தபிறகும், மாணவி மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்றால் அது பாதியில் கரைவதுபோல் டீச்சருக்குக் கேட்கும். மூச்சு போதவில்லை என்று நினைத்துவிடுவார். தம்புராவுக்கு நடந்ததுதான் இங்கே அவள் குரலுக்கும் நடக்கிறது. அசையாமல் நிற்கும் நல்ல கார்வை அவள் பக்கத்து ஸூமின் கணக்கில் இரைச்சல். மாணவியின் கணினியிலும் Original sound இருக்கிறது, கைப்பேசி, டேப்லெட் ஸூமிலும் அந்த வசதி இருக்கிறது. வகுப்பு தொடங்கும்போது “போட்டாச்சா?” என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அந்த டீச்சர் இப்போது வர்ணத்தை எடுக்கிறார்.